நாற்பத்தைந்து காலடிகள்

அந்தப் படத்தில் ஒரு மீனவன் நாற்பத்தைந்து காலடி நடக்கிறான். குடிசை வாசலில் தொடங்கி, கரையில் ஏற்றி வைத்த தன் படகை அடையும் வரை. அந்த நடையின்போது பார்ப்பவர் காதில் என்ன விழ வேண்டும் என்பதே எங்களுக்குள் எழுந்த வழக்கு. அந்த வழக்கில் வென்றவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கேடயங்களைச் சேர்த்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். மீஞ்சூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஓட்டம் நின்றுபோன அரவை ஆலை ஒன்றின் கிடங்கில், அசையும் சித்திரங்களால் குறும்படம் எடுக்கும் சிறு கூடம் ஒன்று இயங்கி வந்தது. அரசுத் துறை ஒன்றுக்காகப் புயல் எச்சரிக்கைப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. வர்ணனை எழுதிப் பேச ஆள் வேண்டுமென்றார்கள். சென்றேன்.

படத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. புயலின் நடுப்பகுதி ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென்று நின்றுவிடும். வானம்கூட வெளுக்கும். புயல் போய்விட்டது என்று எண்ணி ஆண்கள் படகைப் பார்க்க ஓடுவார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். புயலின் நடு ஓர் ஊரின் மேல் நேராகக் கடப்பது அரிது. ஆகவே அதைக் கண்டு தெரிந்தவர்களும் மிகச் சிலரே. அந்த அமைதியை நம்பாதே என்று சொல்லவே அந்தப் படம்.

ஒலிகளைப் படத்தோடு பொருத்துபவன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். பழவேற்காட்டை அடுத்த குப்பத்தில் பிறந்தவன். அவனுடைய தாய்மாமனும் மாமன் மகனும் அப்படியோர் அமைதியில் கட்டுமரத்தைப் பார்க்கப் போய்த் திரும்பாதவர்கள். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. சித்திரம் வரைபவர் சொல்லித்தான் தெரியும்.

அவன் வேலை செய்யும் முறை எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. மேசைமேல் கட்டம் கட்டமாகக் கோடிட்ட நீண்ட தாள் ஒன்றை விரித்து வைத்திருப்பான். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிரேம். ஒரு நொடிக்கு இருபத்துநான்கு. எந்தப் பிரேமில் எந்தச் சித்திரம் என்பது அதில் குறித்திருக்கும். மீனவனின் குதிகால் மண்ணைத் தொடும் கட்டங்களில் மட்டும் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தான். பதினாறு பிரேமுக்கு ஒரு புள்ளி. முப்பது நொடிக்கு நாற்பத்தைந்து புள்ளிகள்.

“ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறான்?” என்று கேட்டேன்.

“பன்னெண்டு பிரேமுக்கு ஒரு அடி வச்சா அவன் ஊருக்குப் போறவன். இவன் சந்தேகத்தோட போறான்பா. நாலு பிரேமு அவன் பயம்.”

தகரத்தட்டில் கடல் மணலை நனைத்துப் பரப்பி, அதன்மேல் ஈரத்துணி போட்டு, உள்ளங்கையால் அழுத்தி எடுப்பான். காலடி பிறக்கும். உமி மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி வெளிச்சத்தம் வராமல் தடுத்திருந்தார்கள். ஆனாலும் சரக்கு ரயில் வந்தால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அது போகும்வரை நிற்க வேண்டியதுதான். பதிவான காந்தப் பட்டையை அறுத்து, ஒவ்வோர் அடியையும் அதன் புள்ளிக்கு நேராக ஒட்டுவான். சத்தம் ஒரு பிரேம் பிந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும், முந்தினால் பொறுக்காது என்பது அவன் கணக்கு. மரச்சட்டங்கள் அடித்த உருளையின்மேல் பாய்மரத் துணியைப் போர்த்திக் கைப்பிடியைச் சுழற்றுவான், புயல் எழும். சுழற்சியின் வேகமே காற்றின் வேகம்.

அந்த முப்பது நொடிக்கு அவன் வைத்தவை இரண்டே. நாற்பத்தைந்து காலடிகள், அவற்றுக்கு அடியில், பழவேற்காட்டு ஏரிக்கரையில் காற்றில்லாத ஒரு விடியலில் அவன் பதிந்து வந்த வெறுமை. எங்கோ ஒரு சொட்டு நீர், தொலைவில் ஒரு பறவை.

“சத்தமே இல்லாத பட்டையை ஏன் பதிந்து வந்தாய்?”

“ஒண்ணுமே வைக்கலேன்னா, மிஷினு பூட்டுச்சுன்னு ஜனம் திரும்பிப் பாக்கும். சும்மா இருக்கிறதுக்கும் ஒரு சத்தம் இருக்குது, பேச்சாளரே. உனக்குத்தான் தெரியாது.”

அவன் என்னைப் பேச்சாளரே என்றுதான் அழைப்பான். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

கிடங்கில் துறை அதிகாரிக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். காலடிகள் மட்டும் கேட்ட அந்த முப்பது நொடியில் அதிகாரி இருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அதைக் கண்டேன். மேடையில் நிற்பவனுக்கு நடுவர் முகத்தைப் படிப்பது முதற்பாடம். எழுந்தேன்.

பொதுமக்களின் உயிரைக் காக்க வந்த படம், உயிர் போகும் இடத்தில் ஊமையாக நிற்கலாமா என்று கேட்டேன். ஆபத்து நெருங்கும் வேளையில் வாய் மூடி நிற்கும் காவலனைக் காவலன் என்போமா என்று கேட்டேன். அந்த இடத்துக்கென நான் முன்பே எழுதி வைத்திருந்த வரியைச் சொன்னேன்: “ஓய்ந்தது காற்று, ஓய்ந்ததோ கூற்று?” காற்று அடங்கிவிட்டது, எமன் அடங்கினானா என்பது பொருள். எதுகை அமைந்த வரி. அதிகாரி தொடையில் தட்டினார்.

“அதுக்குப் பின்னாடி மெதுவா ஒரு புல்லாங்குழல் போட்டா நல்லாயிருக்கும்,” என்றார்.

அவன் எழுந்தான். அவனுக்குப் பேச வராது. “வேணாம் சார். அந்த இடத்துல குழல் வந்தா, படம் முடிஞ்சுதுன்னு ஜனம் எழுந்துக்கினு போயிடும். கொட்டாயில பாக்குறோமே, கடைசியில குழல் வந்தா செருப்பத் தேடுறாங்க.”

“நண்பர் சொல்வதைப் பார்த்தால், செருப்பு இல்லாதவர்களுக்கு நம் படத்தால் அபாயம் இல்லை,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். அதோடு முடிந்தது. சென்னையில் ஒலிக்கலப்பு நடந்தபோது என் குரல் மேலே, குழல் அதன் கீழே. காலடிகளின் ஒலியை ஒலிப்பதிவாளர் படிப்படியாகத் தாழ்த்தினார். சித்திரத்தில் கால்கள் மண்ணைத் தொட்டன. மண் பதில் சொல்லவில்லை. அவன் ஒலிக்கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையிலிருந்த தாளில் புள்ளிகளை எண்ணிக்கொண்டே இருந்தான்.

முதல் திரையிடல் அவனுடைய குப்பத்திலேயே. மீன் இறக்கி, வலை அலசி முடிந்த பிற்பகலில், ஓட்டுப் பள்ளியின் சன்னல்களில் பாய்களைக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. சித்திர மீனவன் தன் கூரைமேல் கயிற்றில் கட்டிய கல்லை ஏற்றியபோது பின்வரிசையில் ஒருவர் சொன்னார்: “நைனா, அவனுக்குக் கட்டத் தெரியல. நம்மூரு ஆளு இல்ல அது.” சிரிப்பு எழுந்தது. காற்று வலுத்தபோது சிரிப்பு நின்றது. பாய்மரத் துணியின் ஓலம் அந்த ஓட்டுக் கூரைக்குள் சுழன்றது. முன்வரிசைக் குழந்தைகள் தாய்மாரின் மடிக்கு நகர்ந்தன. அவன் வாசலோரம் நின்று மக்களின் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

காற்று நின்றது. என் குரல் கூடத்தை நிறைத்தது. “ஓய்ந்தது காற்று, ஓய்ந்ததோ கூற்று?” குழல் ஒலித்தது.

நடுவில் அமர்ந்திருந்த மூதாட்டியின் காதில் விழவில்லை போலும். “இன்னா சொல்றான்?” என்றாள்.

அவள் அருகிலிருந்த பெண் சொன்னாள்: “காத்து ஓஞ்சுதாம். கூத்து ஓஞ்சுதாம். எழுந்துரு, ஊட்டுக்குப் போலாம்.”

அந்தக் கரையில் காற்று என்பது காத்து. நான் எதுகைக்காக அருகில் வைத்த கூற்று, அதே நாவழக்கில் கூத்தாகிவிட்டது. காற்றும் முடிந்தது, ஆட்டமும் முடிந்தது. குழலும் அதையே சொன்னது. வரிசை வரிசையாக எழுந்தார்கள். உட்காருங்கள், இன்னும் இருக்கிறது என்று நான் கத்தினேன். ஒலிபெருக்கியில் என் குரலும் பேசிக்கொண்டிருந்ததால் எந்தக் குரலைக் கேட்பது என்று யாருக்கும் விளங்கவில்லை. யாரோ உதவி செய்யும் எண்ணத்தில் சன்னல் பாய்களை அவிழ்த்தார்கள். வெயில் பாய்ந்தது. திரை வெளுத்தது. மீனவன் படகில் கை வைத்ததையும், அலை எழுந்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை.

ஒலி மட்டும் தொடர்ந்தது. எதிர்த்திசைக் காற்று, முதற்காற்றைவிடக் கொடியதாக, வெளிச்சம் நிறைந்த கூடத்தில் ஓலமிட்டது.

“மிஷினு இன்னாமோ கத்துது பாரு. பேஜாரு புடிச்ச மிஷினு,” என்றபடி ஒருவர் என்னைத் தாண்டிப் போனார்.

வாசலில் அவன் கைகளை விரித்துச் சிலரைத் தடுத்தான். “மாமா, இரு. காத்து திரும்பும் மாமா, அதான் படமே.”

“தெரியும்டா. நல்லா எடுத்துக்கீறே,” என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

மறு வாரம் நாங்கள் இருவரும் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். குரல், குழல், ஒலிகள் மூன்றும் தனித்தனிப் பட்டைகளாகவே இருந்தன. அந்த முப்பது நொடிக்கு மட்டும் முதலிரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி கலந்தால் போதும். நான் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எந்த மேடையிலும் பேசியதில்லை. என் வரி தவறு என்றேன், நடந்ததைச் சொன்னேன், அந்தப் பெண்ணின் சொற்களை அப்படியே சொல்லிக் காட்டினேன். அழகு ஒரு துளியும் சேர்க்கவில்லை.

அதிகாரி கோப்பைத் திறந்தார். கிடங்கில் நான் பேசியதைக் குறிப்பெடுத்து வைத்திருந்தார்.

“ஆபத்து நெருங்கும் வேளையில வாய் மூடி நிற்கிற காவலன் காவலனான்னு நீங்கதானே கேட்டீங்க? மேலிடத்துக்கு அப்படியே எழுதிப் போட்டேன். ரொம்பப் பாராட்டினாங்க. பிரதிகள் அச்சாகி மாவட்டங்களுக்குப் போயாச்சு, தம்பி.”

“அது தவறு ஐயா.”

“அப்ப பேசினதுதான் நல்லா இருந்துச்சு,” என்றார். கோப்பை மூடினார்.

வெளியே வந்தோம். திரும்பும் ரயில் எண்ணூரைத் தாண்டியது. பிறகு, “எங்க மாமன் ஊட்டுலருந்து கட்டுமரம் தூரமே இல்ல. ஒரு அம்பது அடிக்குள்ள இருக்கும்,” என்றான். சொல்வதற்கு எத்தனையோ வாக்கியங்கள் எனக்குத் தெரியும்.

பத்தாண்டுகள் கழிந்துவிட்டன; அவன் இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் இருக்கிறான். எனக்குத் தொடர்ந்து வர்ணனை வேலைகள் வருகின்றன. ஐப்பசி பிறந்ததும் துறையின் வண்டி கரையோர ஊர்களுக்குப் புறப்படுகிறது; எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஒலிபெருக்கியைச் சரிபார்க்க அந்தப் படத்தின் ஒரு பகுதியை ஓடவிடுவார்கள். பெரும்பாலும் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். குரல் தெளிவாக விழும் இடம் அது என்கிறார்கள்.