இரண்டையும் வைத்துக்கொள்

ஒரே இடத்திலிருந்து கிளம்பிய இரண்டு பேர் நான்கு மாதம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்துவிட்டுத் திரும்பினால், அவர்கள் விட்டுப்போன வீடு யாருடைய நினைவில் இருக்கிற வீடு? ரெண்டு ஃபோன் அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதாவது வரும். அவருக்கே வந்ததா என்பது தெரியாது. கேள்விகளை அவர் வேலை நேரத்தில் மட்டும் கேட்பவர்.

முப்பத்தெட்டு வயதுவரை மாத்திரை அட்டைகளில் அச்சான தேதி சரியா என்று பார்க்கும் வேலை. அந்தக் கண்ணை நம்பித்தான் ஒரு சின்ன கேம் கம்பெனி அவரைச் சோதனையாளராக எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கு ஒரே ஒரு விளையாட்டு: வெற்று நிலத்தில் தண்டவாளம் போட்டு, நிலையம் கட்டி, ரயில் விடவேண்டும். ஃபோனில் விட்ட இடத்திலிருந்து டேப்லெட்டில் தொடரலாம். ஆட்டம் கிளவுட்டில் சேமிக்கப்பட்டு எல்லாக் கருவிக்கும் வரும். அது சரியாக வருகிறதா என்று பார்ப்பது அக்காவின் பொறுப்பு. அதற்காக மேசையில் எப்போதும் இரண்டு ஃபோன்கள், இரண்டும் ஃப்ளைட் மோடில். பெயர் அப்படி வந்ததுதான்.

அவருடைய வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் எஞ்சின் ஃபிட்டர். நான்கு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. இருவருக்கும் அந்த விளையாட்டில் ஒரே கணக்கு, ஒரே நிலம். ஆறு வருடமாகச் சேர்ந்து போட்ட பாதைகள். அவர் கப்பலில் இணையம் இல்லாமல் டேப்லெட்டில் ஆடுவார். அக்கா ஃபோனில் ஆடுவார். ஒருமுறை அவர் கேபினில் கூட இருப்பவர் தூங்கவேண்டுமே என்று விளையாட்டின் சத்தத்தை அணைத்துவிட்டார். துறைமுகத்தில் இணையம் கிடைத்ததும் அந்த அமைப்பு கிளவுட் வழியாக வந்து அக்காவின் ஃபோனும் ஊமையானது. "ஆட்டம் ரெண்டு பேருக்கும் பொது, சரி. சத்தமும் எழுத்து அளவும் அந்தந்தக் கருவியோட இருக்கணும்" என்று அக்கா எழுதிக்கொடுத்த குறிப்பு அடுத்த பதிப்பிலேயே ஏற்கப்பட்டது.

ஏற்கப்படாதது இன்னொன்று. போன வருடம் ஒருமுறை வீட்டுக்காரர் வந்த அன்று காலை, பஸ்ஸில் ஆபீஸ் போகும் வழியில், தன் ஃபோனின் ஃப்ளைட் மோடை எடுக்க மறந்து, அக்கா மலையைச் சுற்றி மூன்று மாதமாகப் போட்டுவந்த பாதையின் கடைசித் துண்டைப் பொருத்தினார். மாலையில் இரண்டு கருவிகளும் வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் மலைப்பாதை இல்லை. டேப்லெட்டில் இருந்தது ஃபோனில் வந்து உட்கார்ந்திருந்தது. எது கடைசியாக ஆடியதோ அதை வைத்துக்கொள், மற்றதை எதுவும் கேட்காமல் அழித்துவிடு என்பதுதான் கம்பெனி வைத்திருந்த விதி. கடைசியாக ஆடியது அக்கா. வீட்டுக்காரர் கப்பலை விட்டு இறங்கும்போது டேப்லெட்டை மூடிவிட்டிருந்தார்.

இதை எழுதிய ப்ரோக்ராமரிடம் போய்ச் சொன்னார். ஆபீஸில் அவருக்கு அவசரம் என்று பெயர்; சொல்லிமுடிக்கும் முன்பே பதில் வந்துவிடும்.

"அக்கா, லேட்டஸ்ட்டா ஆடினதுதான் ஜெயிக்கும். நீங்க எப்போ ஆடினோம்னு மறந்திருப்பீங்க."

"பஸ்ல கண்டக்டர் கேட்டு சில்லறை கொடுத்ததுகூட ஞாபகம் இருக்கு தம்பி."

"திரும்பச் செஞ்சு காட்டுங்க. காட்டினா மாத்திடறேன்."

ஒரு வருடமாகக் காட்ட முடியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட முறை இரண்டு ஃபோன்களையும் துண்டித்து, ஆடி, சேர்த்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பிந்தியதே ஜெயித்தது. பட்டியலில் அந்தப் புகாருக்கு எதிரே 'நிரூபிக்க முடியவில்லை' என்ற குறி அப்படியே நின்றது. மாத்திரை அட்டை காலத்திலிருந்து அவர் பெயருக்கு எதிரே அப்படி ஒரு குறி விழுந்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது சாவியைத் தேடினால், "அக்காவோட மலைப்பாதைக்குப் பக்கத்துல பாருங்க" என்பார்கள். அக்காவும் சிரிப்பார். சிரித்துவிட்டு மறுபடி இரண்டு ஃபோன்களையும் எடுப்பார்.

அதற்குப்பின் கணவனும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர் கடலில் இருக்கும்வரை அக்காவும் தன் ஃபோனில் கிளவுட்டை அணைத்துவைத்தே ஆடுவார். வந்தபிறகு யோசித்துச் சேர்க்கலாம்.

இந்த முறை அவர் இறங்கிய நாளும் புதிய பதிப்பை மூடும் நாளும் ஒன்றாக அமைந்தன. மாலை நான்கு மணிக்கு மேடம், அதாவது கம்பெனியின் சொந்தக்காரர், எதெல்லாம் உள்ளே எதெல்லாம் வெளியே என்று முடிவு சொல்லிவிடுவார். காலை எட்டேகாலுக்கு, அக்கா ஆபீஸ் சாப்பாட்டறையில் டீயோடு உட்கார்ந்திருக்கும்போது, துறைமுகத்திலிருந்து வீட்டுக்காரரின் அழைப்பு வந்தது.

"இறங்கியாச்சு. மத்தியானம் ஒரு மணிக்குள்ள உன் ஆபீஸுக்கே வந்துடுவேன்."

"கேம் திறந்தீங்களா?"

"நாலு மாசம் கழிச்சு வர்றவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

"திறந்தீங்களா, இல்லையா?"

"இல்லம்மா. வர்ற வழியில ஆடலாம்னு எடுத்தேன். மணி பத்தே முக்கால்னு காட்டுச்சு, நேரமாயிடுச்சேன்னு வெச்சுட்டேன்."

"இப்போ மணி எட்டேகால்."

"ஆமா, கைக்கடிகாரத்துல எட்டேகால்தான். டேப்லெட்டை விடு. கப்பல் கிழக்கே போகப்போக மணியை முன்னாடி தள்ளச்சொல்லி அறிவிப்பு வரும். தள்ளுவோம். திரும்பி வரும்போது கடிகாரத்தைத் திருப்பினேன், டேப்லெட்டை யார் திருப்பினா? அதுல சிம் கிடையாது, தானா மாத்திக்காது."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"போன வருஷமும் அப்படித்தானா?"

"எப்பவும் அப்படித்தான்."

"ஊர் எதுன்னு மாத்தாம, மணியை மட்டும் தள்ளுவீங்களா?"

"மணி கேட்டா மணியைத்தானே மாத்துவாங்க? ஊரை எதுக்கு மாத்தணும்?"

"நீங்க அந்த டேப்லெட்டைத் தொடாதீங்க. நெட்ல சேர்க்காதீங்க. பையில போட்டு ஜிப்பை மூடுங்க."

"என்னையும் பையில போட்டுக்கவா?" என்றார் அவர். அக்கா அழைப்பைத் துண்டித்துவிட்டார். அது அக்காவின் காதில் விழுந்திருக்காது.

ஒரு வருடம் நூறு முறைக்கு மேல் சோதித்தும் பிடிபடாத காரணம் இப்போது விளங்கியது. ஆபீஸ் ஃபோன்கள் இரண்டும் சரியான நேரத்தையே காட்டின. ஊரை மாற்றியிருந்தால் டேப்லெட் வித்தியாசத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்; மணியை மட்டும் தள்ளியதால் முன்பே ஆடியதைப் பிந்தி ஆடியதாகக் குறித்துவைத்தது. பொய் சொல்லும் கடிகாரத்தை யாரும் சோதனையில் சேர்க்கவில்லை. அக்கா ஓடாத குறையாகத் தன் மேசைக்குப் போனார். இடது ஃபோனின் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளும்போது முதல்தடவை தவறி மூன்றரை ஆக்கிவிட்டார். திருத்தினார். இரண்டு ஃபோன்களிலும் ஒரே ஆட்டம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு ஃப்ளைட் மோடில் போட்டார். இடது ஃபோனில் முதலில் ஒரே ஒரு துண்டு தண்டவாளம். பிறகு வலது ஃபோனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆற்றின்மேல் ஒரு பாலம், அதன் இரு கரையிலும் நிலையம். அவசரத்தை மேசைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, இப்போ ரெண்டையும் நெட்ல விடறேன். பாலம் இருக்கணும், இல்லையா?"

"இருக்கும். அதானே கடைசி."

முதலில் இடது, பிறகு வலது. வலது ஃபோனில் சக்கரம் சுற்றியது. நின்றது. ஆறு இருந்தது, பாலம் இல்லை.

அவசரம் வலது ஃபோனை வாங்கி ஆற்றை நெடுகத் தள்ளிப் பார்த்தார். குனிந்து இடது ஃபோனின் மணியைப் பார்த்தார். "இப்படி யாரு அக்கா ஃபோன்ல மணியைக் கையால மாத்துவாங்க?"

"என் வீட்டுக்காரர். அவர் கப்பல்ல இருபத்திரண்டு பேர். உலகத்துல எத்தனை கப்பல்?"

பின்னால் யாரோ கை தட்டினார்கள். பெரிய திரைக்குப் பக்கத்திலிருந்த ஓவியரும் எழுந்து வந்தார். "மலைப்பாதை கிடைச்சிடுச்சு" என்று ஒரு குரல் எழுந்தது.

அவசரத்துக்கு மூச்சு திரும்பியது. "சரி, கருவியோட மணியை நம்பவேணாம். சர்வர் மணியை வெச்சுக்கலாம்."

"சர்வருக்கு ஆட்டம் வந்துசேர்ந்த நேரம்தான் தெரியும். நெட் இல்லாத இடத்துல எப்போ ஆடினாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நாலு மாசம் முன்னாடி ஆடினது இன்னைக்கு வந்து சேர்ந்தா, இன்னைக்கு ஆடினதுன்னு வெச்சுக்குவீங்களா?"

"அப்போ எதை நம்பறது?"

"யாரையும் நம்பவேணாம். ஆடினவங்களைக் கேளுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டுங்க, எத்தனை நிலையம், எவ்வளவு நேரம், ஒரு சின்ன வரைபடம். மூணாவதா ஒரு பட்டன். ரெண்டையும் வெச்சுக்கோ, தனித்தனியா."

அவசரம் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "அந்தத் திரையை எழுதித்தான்கா வெச்சிருக்கேன். ஆறு மாசமாச்சு. திறக்காம மூடி வெச்சிருக்கேன்."

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். "திறங்க" என்று மட்டும் சொன்னார்.

நான்கு மணிக்கு மேடத்தின் முன்னால் பாலத்தை இன்னொரு முறை காணாமல் போகவைத்தார்கள். பிறகு புதியதைத் திறந்து, மூன்று பட்டன்களையும் காட்டினார்கள். மேடம் மூன்றாவதை அழுத்திப் பார்த்தார். பாலம் ஒரு பக்கம், பாலமில்லாத ஆறு ஒரு பக்கம், இரண்டும் பத்திரமாக இருந்தன. "இதுக்கு ஏன் ஒரு வருஷம்?" என்றார். பட்டன் உள்ளே போனது. பட்டியலில் அந்தப் பழைய குறியை அக்கா தானே அடித்தார். கதவருகே வீட்டுக்காரர் பையோடு மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் மொத்தமும் போய் அவர் கையைக் குலுக்கியது. எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. "நான் மணியைத் திருப்ப மறந்தவன்பா" என்று சொல்லிப்பார்த்தார்.

அக்கா மெச்சத்தக்க சோதனையாளரா என்று கேட்டால், ஒரு வருடம் எடுத்துக்கொண்டவர் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் பொய் யாரிடம் என்று தெரியாதபோதும், தன்னிடம் இல்லை என்பதில் அவர் ஒருநாளும் அசையவில்லை. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஐந்து நாள் கழித்துப் புதிய பதிப்பு வெளியானது. விடுமுறை நாள், மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. வீட்டுக்காரர் ஐந்து நாளும் டேப்லெட்டைத் தொடவில்லை. இப்போது சோபாவின் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல உங்களோடது" என்றார் அக்கா.

டேப்லெட்டில் விளையாட்டைப் புதுப்பித்துத் திறந்தார்கள். கேள்வி எதுவும் வரவில்லை. நான்கு மாதத்துக்கு முன் இருவரும் விட்ட இடம்தான் கிளவுட்டில் அதுவரை இருந்தது, அதற்குமேல் மாறியது டேப்லெட் மட்டுமே. ஆகவே அவருடைய ஆட்டம் சத்தமில்லாமல் மேலே ஏறிக்கொண்டது. இனி அக்காவின் ஃபோன். இரண்டு பக்கமும் மாறியிருப்பதால் அதில் கேள்வி வரும். கிளவுட்டை இயக்கினார். வந்தது. கட்டங்கள் இரண்டும் நேராக, ஓவியர் வரைந்தபடியே. கிளவுட்டில் நாற்பத்தொரு நிலையங்கள். கடலோரமாக ஒற்றைப் பாதை நீண்டுகொண்டே போனது. இந்த ஃபோனில் அறுபத்துமூன்று. அதன் சின்ன வரைபடத்தில் நிலம் கொள்ளாமல் கோடுகள்.

"அடேங்கப்பா, ஏரிக்கு மேலயே போயிருக்கியா? அது எப்படிப் பண்ணினே?" அவர் எட்டிப் பார்த்தார். "சரி, மூணாவதை அழுத்து. அதுக்குத்தானே இந்தப் பாடு. சாவகாசமா உள்ள போய்ப் பார்க்கலாம்."

அக்கா ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று பட்டன்களையும் ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார், அச்சில் ஏதும் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு, "ஒரே நிலம் போதும். ஏரிப்பாதையை உங்ககூட உட்கார்ந்து மறுபடி போடறேன்" என்று சொல்லி, 'கிளவுட்டில் உள்ளதை வைத்துக்கொள்' என்பதை அழுத்தினார். 'இந்தக் கருவியில் உள்ளது அழிந்துவிடும், சரியா?' என்று கேட்டது. சரி என்றார்.