ரெஸ்ட்டும் ரீசெட்டும்

மந்தைவெளியில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் சின்ன கம்பெனி. கம்ப்ளெயின்ட் போனை எடுப்பது நான். கீழே மில் ஓடினால் என் மேஜை மேல் இருக்கும் டம்ளர் மெதுவாக நகர ஆரம்பிக்கும். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனோடு, பொறுமையாகப் பேச வேண்டும். பொறுமை எனக்குப் பிறவியில் வந்த குணமில்லை. சம்பளத்துக்காக வந்தது.

சேர்ந்த புதிதில் என்னைப் படுத்தி எடுத்தது ஒரே ஒரு வார்த்தை, ரீசெட். போன் செய்கிற எல்லோருமே "ரீசெட் பண்ணிப் பாத்துட்டேம்மா" என்பார்கள். ஒருவர் சுவிட்சை அணைத்துப் போட்டிருப்பார். அவர் ரூட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொருவர் பின்பக்கம் இருக்கிற ஊசித் துளையில் பின்னை விட்டு அழுத்தியிருப்பார். அவர் ரூட்டரில் எதுவுமே மிஞ்சியிருக்காது. இரண்டு பேரும் சொல்வது அதே வார்த்தையைத்தான். எந்த வீட்டில் என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

அதனால் நானே வேறு பெயர்கள் வைத்தேன். சுவிட்சை அணைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போடுவது ரீஸ்டார்ட். அதற்கு நான் வைத்த பெயர் "ரெஸ்ட் குடுக்கறது". ரூட்டர் தூங்கி எழுந்துகொள்ளும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே இருக்கும்.

அடுத்தது சாஃப்ட் ரீசெட். சில கம்பெனிக்காரர்கள் இந்தப் பெயரையே வேறு எதற்கோ சொல்கிறார்கள், அது தனித் தலைவலி. எங்கள் ஆபீஸில் இதற்கு அர்த்தம், கரண்டைத் தொடாமல், ரூட்டரை உள்ளிருந்தே மறுபடி தொடங்கச் சொல்வது. அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் வீட்டுக்காரரே செய்யலாம், அல்லது இங்கிருந்து நான் ஒரு கட்டளை அனுப்பலாம். இதிலும் எதுவும் அழியாது. ஆனால் நாம் சொல்வதைக் கேட்கிற நிலையில் ரூட்டர் இருந்தால்தான் நடக்கும். இதன் பெயர் "முகம் கழுவறது".

மூன்றாவது அந்த ஊசித் துளை. உள்ளே இருக்கும் பட்டனை விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடித்தால், ரூட்டர் கம்பெனியிலிருந்து வந்த முதல் நாளுக்கே போய்விடும். வைஃபை பெயர் போச்சு, பாஸ்வேர்டு போச்சு, இன்டர்நெட்டுக்குள் நுழைய நாங்கள் போட்டுக் கொடுத்த ஐடியும் போச்சு. இதற்குப் பெயர் "மொட்டை".

ஆபீஸில் எல்லோருக்கும் இது பிடித்துப்போயிற்று. லைன்மேன் தம்பி கம்பத்தின் மேலிருந்துகொண்டே, "அக்கா, ரெஸ்ட்டா மொட்டையா, இன்னா கீது அந்த வூட்ல?" என்று கேட்பான். நானும் பெரிய சாதனை செய்தவள் போலத் திரிந்தேன். மயிலாப்பூர் மாமி போன் செய்யும்வரை.

அவர்கள் வீடு குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய அடுக்குமாடி. மாமிக்கு அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு டெமோ கிளாஸ். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித்தரும் வேலை. டெமோ பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பி.எட். முடித்தவர், அதன்பின் ஒரு நாள்கூட வகுப்பறைப் பக்கம் போனதில்லை. இதையெல்லாம் மூன்று மணிக்கு வந்த முதல் போனிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். பதற்றத்தில் இருப்பவர்கள் கம்ப்ளெயின்ட் எண்ணுக்கு முன்னால் கதையைத்தான் சொல்வார்கள்.

"நெட்டு வரதும்மா, ஆனா ஆமை மாதிரி வரது. சாயங்காலம் எனக்கு மானம் போயிடும்."

என் திரையில் பார்த்தேன். ஃபைபர் சிக்னல் நன்றாக இருந்தது. ரூட்டர்தான் திக்கித் திணறியது. இங்கிருந்தே முகம் கழுவிப் பார்த்தேன். கட்டளை போனது, பதில் இல்லை. நினைவெல்லாம் நிரம்பித் திகைத்துப்போயிருக்கிற ரூட்டருக்குச் சொல்வது காதில் விழாது. அப்போது கரண்டை நிறுத்துவதுதான் வழி.

"மாமி, அதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க. சரியாயிடும்."

"ரெஸ்ட்டா?"

"ஆமாம், ரெஸ்ட்."

சுவிட்சை அணைக்க வேண்டும் என்று விளக்குவதற்குள் கீழே மில் ஓட ஆரம்பித்தது, டம்ளர் விளிம்புக்கே போய்விட்டது. அதைப் பிடித்தேன். அதற்குள் அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டிருந்தது.

அப்புறம் என்ன நடந்தது என்பதை மூன்றரை மணிக்கு வந்த இரண்டாவது போனில் தெரிந்துகொண்டேன். மாமியின் கணவர் ரிடையரான பேங்க் அதிகாரி. எழுத்துப் பிழையைக் கண்டால் மெனு கார்டைக்கூடத் திருத்துகிற ரகம். ஆத்துக்காரி "ரெஸ்ட் குடுக்கணுமாம்" என்றதும் அவர் சிரித்திருக்கிறார். "ரெஸ்ட் இல்லடி, ரீசெட். அந்தப் பொண்ணுக்கு உச்சரிப்பு சரியா வரலை. பின்னாடி தெளிவா எழுதியிருக்கான் பாரு." மாமியின் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி வாங்கி, துளையில் விட்டு, விளக்கெல்லாம் அணைகிறவரை அழுத்திப் பிடித்திருக்கிறார். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"ஆத்துல எங்க வைஃபை பேரே காணலைம்மா. ஏதோ நம்பரும் எழுத்துமா ஒண்ணு வரது. டிவி வேலை செய்யலை, என் லேப்டாப் வேலை செய்யலை. அஞ்சு மணிக்கு நான் என்ன பண்ணுவேன்?" குரல் உடைந்திருந்தது. நான் புத்திசாலித்தனமாகக் கண்டுபிடித்த வார்த்தை, இங்கிலீஷில் ஓரெழுத்து வித்தியாசத்தில் மாமியின் வேலையைக் காவு வாங்கப் பார்த்தது.

லைன்மேன் தம்பிக்குப் போன் போட்டேன். பட்டினப்பாக்கத்தில் லாரி இழுத்து அறுத்த கேபிளை ஒட்டிக்கொண்டிருந்தான். "மொட்டையா? ஆறு மணிக்கு மின்ன என்னால வரவே முடியாதுக்கா. நீயே போன்ல சொல்லிக்குடு." மொபைல் ஹாட்ஸ்பாட் வைத்துக்கொள்ளலாமா என்று மாமியிடம் கேட்டேன். அந்த வீட்டில் டவர் கிடைப்பதே பால்கனி ஓரத்தில்தானாம். அதுவும் பேச மட்டும்தான் போதும், வீடியோ கிளாஸுக்குப் போதாது.

ஆக, மாமா பால்கனியில் போனோடு, மாமி ஹாலில் லேப்டாப்போடு. நான் மாமாவிடம் சொல்ல, அவர் உள்ளே கத்த, மாமி செய்ய வேண்டும்.

"சார், ரூட்டருக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கும். அதுல இருக்கற வைஃபை பாஸ்வேர்டைப் படிங்க."

ரூட்டரை அடாப்டரோடு கழற்றிக்கொண்டு பால்கனிக்கே வரட்டுமா என்றார். வேண்டாம், மாமியின் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். எடுத்து வந்தார். பெரிதாக்கிப் படித்தார். "அடுத்தது ஓ. இல்லை, ஜீரோ. இருங்கோ, இது ஓவா ஜீரோவான்னு அச்சடிச்சவனுக்கே தெரியாது." முதலில் ஓ போட்டார்கள், ஏற்கவில்லை. ஜீரோ போட்டார்கள், ஏற்றுக்கொண்டது. "நான் முதல்லயே ஜீரோன்னுதான் நெனச்சேன்" என்றார் மாமா.

பிறகு பிரவுசரைத் திறந்து ரூட்டரின் முகவரியை அடிக்கச் சொன்னேன். 192.168.1.1. மாமா அதை ஒன் நைன்டி டூ என்று தொடங்கி, புள்ளிக்குப் புள்ளி நிறுத்தி, பேங்கில் செக் தொகை படிப்பது போலப் படித்தார். செட்டிங்ஸ் பக்கம் வந்தது. உள்ளே போகிற பாஸ்வேர்டும் அதே ஸ்டிக்கரில் இருந்தது. வெளி இணைப்புக்கான WAN என்ற பகுதிக்குப் போய், இணைப்பு வகையைத் தேர்ந்தெடுத்து, எங்கள் ஐடியையும் பாஸ்வேர்டையும் போடச் சொன்னேன். மாமா அதில் ஒரு எழுத்தைத் திருத்திச் சொல்லப் பார்த்தார். "சார், அது எழுத்துப்பிழை இல்ல, ஐடியே அப்படித்தான்" என்றேன். அதற்குமேல் மாமிக்குப் பொறுக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"நீங்க சும்மா அவ சொல்றதை மட்டும் சொல்லுங்கோ."

அதன்பிறகு மாமா நான் சொன்னதை எழுத்து மாறாமல் உள்ளே கத்தினார். சேவ் பண்ணச் சொன்னேன். என் திரையில் அவர்கள் வீட்டு இணைப்பு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நான் டம்ளரை விட்டுவிட்டேன், அது விழுந்து உருண்டது.

"வந்துடுத்து" என்றார் மாமி. இப்போது அவரே பால்கனிக்கு வந்து போனை வாங்கியிருந்தார்.

"மாமி, கடைசியா ஒண்ணு. வைஃபைக்குப் பழைய பேரு, பழைய பாஸ்வேர்டையே போட்டுடுங்க. டிவி, போன் எல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். பழைய பேரு என்ன?"

"அவர் பேரு. இனிஷியலோட."

"புதுப் பேரு போட்டா?" என்று மாமியே தொடர்ந்து கேட்டார்.

"ஒவ்வொண்ணுலயும் மறுபடி பாஸ்வேர்டு அடிக்கணும் மாமி. வேலை ஜாஸ்தி."

"அடிக்கட்டும். ரீசெட்டெல்லாம் பண்ணத் தெரிஞ்சவருக்கு இது ஒரு வேலையா. நான் என் பேரைப் போட்டுக்கறேன். பாஸ்வேர்டும் நானே வச்சுக்கறேன், நீ சொல்லாண்டாம்." போனை வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு எனக்கு ஷிஃப்ட் முடிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து போக மனமில்லை. திரையில் அந்த ஒரு பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கடைசிவரை அணையவில்லை. உள்ளே என்ன பாடம் நடந்தது, பிள்ளைகள் சிரித்தார்களா என்பதெல்லாம் பச்சைப் புள்ளியில் தெரியாதே.

அடுத்த வாரம் எனக்கு மாலை ஷிஃப்ட். ஒரு சாயங்காலம் மாமா போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அம்மா, டிவியில வைஃபை பாஸ்வேர்டு மறுபடி கேக்கறது. அன்னிக்கி அவ சொல்லச் சொல்ல அடிச்சேன், இப்போ ஞாபகம் இல்லை. உனக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாது சார். மாமியைக் கேளுங்க."

"அவ கிளாஸ் எடுத்துண்டிருக்கா. கதவைச் சாத்திண்டிருக்கா. ஏழு மணி வரைக்கும் தட்டப்படாதுன்னு உத்தரவு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. பிறகு ஒரு பயம் வந்தது.

"சார், அந்தப் பட்டன் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

"சேச்சே. அவ வளையல்ல இப்போ ஊக்கே மாட்டிக்கறதில்லை" என்றார். கொஞ்சம் நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக, உச்சரிப்பு சுத்தமாகச் சொன்னார். "நான் ஏழு மணி வரைக்கும் ரெஸ்ட் எடுத்துக்கறேன்."