மஞ்சள் பூ சிவந்த மாலை

தீவில் நாங்கள் குடியிருந்த லம்பா லைனில், பக்கத்து வீட்டில் ஒரு மலையாள நர்ஸ் இருந்தார். டைபாய்டில் கிடந்த என் ஆறு வயது மகளை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மருந்து குடிக்க மறுத்தவளிடம், "வீட்டுக்குப் போனதும் கலர் பூ வச்ச கேக் செஞ்சு தரேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

மகள் வீடு திரும்பினாள். ஆனால் கரையிலிருந்து சாமான் ஏற்றிவரும் கப்பல், இங்கத்துப் பேச்சில் ஜஹாஜ், வரவில்லை. பஜாரில் எந்தக் கடையிலும் கலர் பாட்டில் இல்லை.

"விடுங்க சிஸ்டர், வெள்ளையாவே இருக்கட்டும்" என்றேன்.

"அது பற்றில்ல, முடியாது அக்கா. குட்டிகிட்ட சொல்லியாச்சு. ஜஹாஜ் வரட்டும்னு இருந்தா எப்போ?"

என் வீட்டில் வாடிய பீட்ரூட் ஒன்று கிடந்தது. அவர் தோட்டத்தில் பாலக்கீரை இருந்தது. மணல் பரப்பிய அலுமினியச் சட்டிக்குள் கேக் வெந்துகொண்டிருக்க, நாங்கள் சாயம் எடுக்க உட்கார்ந்தோம். பீட்ரூட்டைத் துருவித் துணியில் பிழிந்து, சிறு தீயில் கெட்டியாகும்வரை சுண்டவைத்தேன். நிறம் மங்காமலிருக்க எலுமிச்சை சில துளி. கீரையைக் கொதிநீரில் முக்கியெடுத்து அரைத்துப் பிழிந்தார் அவர். சாற்றை மெல்லச் சூடாக்கியதும் பச்சை மட்டும் திரண்டு மேலே வந்தது. அதை வடித்தெடுத்தால் கீரை வாசனை அவ்வளவாக இல்லை.

மஞ்சள்தான் காலை வாரியது. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை அவர் வெந்நீரில் கரைத்தார். சட்டென்று செங்கல் நிறமாகிவிட்டது.

"அய்யோ, ஹல்தி கேடு வந்து போச்சே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. "கெடல சிஸ்டர். இது ஆரத்தி! மஞ்சள்ல சுண்ணாம்பு கலந்து நாங்க இப்படித்தான் எடுப்போம். நீங்க சுண்ணாம்பு எங்க போட்டீங்க?"

சுண்ணாம்பில்லை, கேக்குக்குச் சோடா அளந்த கரண்டியாலேயே கலக்கியிருந்தார். சுண்ணாம்பு செய்ததைச் சோடாவும் செய்திருக்கிறது. புளிப்பு பட்டால் மாறுமோ என்று எலுமிச்சையைப் பிழிந்து பார்த்தேன். கண்முன்னே மஞ்சள் திரும்பி வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டின் வெண்ணெயில் பொடித்த சர்க்கரையை அடித்து, மூன்று பங்காக்கி, சாயத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தோம். அதிகம் விட்டால் இளகிவிடும். காகிதக் கூம்பில் நிரப்பி அவர் இளஞ்சிவப்பு இதழ்களும் மஞ்சள் நடுவும் வைத்தார். இலைகளை நான் போட்டேன். ஒன்று மட்டும் கோணலாகிவிட்டது.

என் மகள் அந்தக் கோணல் இலையைத்தான் முதலில் விரலால் வழித்து வாயில் வைத்தாள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம்."

காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவள் வாயில் இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. கஞ்சியைக்கூடக் கெஞ்சித்தான் ஊட்ட வேண்டியிருந்தது. நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நர்ஸ் பெரிய துண்டாக வெட்டி அவள் தட்டில் வைத்தார்.

உறவென்று யாரும் இல்லாத தீவில், ட்யூட்டி முடிந்து வந்த களைப்போடு என் பிள்ளைக்காகக் கீரை அரைத்தவர் அவர். நன்றி என்று நான் அன்று வாய்திறந்து சொல்லவில்லை. மறுநாள் காலையில் மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் புரிந்தது.