பாட்டிலின் அடியில் மதினி விட்டுப்போனது

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கையில் நான் பேனா எடுத்ததை யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்க வராது. எங்கள் அண்ணன் வீட்டில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தாளில் என்றால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ராஜபாளையத்தில் ஒரு பேன்சி ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். என் பகுதி கிரீம், லோஷன், ஷாம்பு. அண்ணன் போலீஸில் இருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். அவர் மனைவி, என் மதினி, பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனிக்குப் போய்வந்தாள். நாள் முழுக்கப் பஞ்சையும் துணியையும் தொட்டுத் தொட்டு அவள் கை சொரசொரவென்று ஆகிவிடும். ஒருநாள் எங்கள் கடையில் பாதாம் வாசனை லோஷன் ஒன்று வாங்கினாள். மேலே பம்பு வைத்த பாட்டில். அது தீர்ந்ததும், அதே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளும் ரீஃபில் பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். வாங்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, உள்ள இருக்கது அதே சரக்குதானா? தண்ணி கலந்து தள்ளிவிடுதாவளா?"

"அதேதான் மதினி. கம்பெனியில சீல் வச்சு வருது. நம்ம பாட்டிலைத்தான் நல்லாக் கழுவணும். ஈரம் இல்லாமக் காயவச்சுட்டு ஊத்தணும். பம்புக்குள்ளயும் ஈரம் நிக்கக் கூடாது."

"லோஷனுக்கு இம்புட்டு மடியா? ஐயர் வீட்டு அடுப்படி கணக்கால்ல சொல்லுத!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போனது. ஆனால் நான் சொன்னபடியே மதினி செய்தாள். பாட்டில் தீர்ந்தால் வெந்நீரில் கழுவுவாள். பம்பை வெந்நீரில் வைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அழுத்துவாள். பிறகு தலைகீழாக நிறுத்தி வைப்பாள். முழுக்கக் காய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை தேங்காய் எண்ணெய்தான். பாட்டிலில் போட்டிருக்கும் தேதி பழைய தேதி என்பதால், புது பாக்கெட்டில் இருக்கும் தேதியை வெட்டி பாட்டிலின் மேல் ஒட்டிக்கொள்வாள். ராத்திரி தன் கையில் தடவியது போக மிச்சத்தை அண்ணனின் குதிங்காலில் தேய்ப்பாள். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. குதிங்கால் எப்போதும் வெடித்திருக்கும்.

போன வருஷம் மதினி நெஞ்சுவலியில் இறந்துபோனாள். பதினாறாம் நாள் முடிந்து அவள் சேலைகளை உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுத்தோம். கம்பெனிக்குக் கொண்டுபோகும் தூக்குவாளியைக் கூட யாரோ கேட்டு வாங்கிப்போனார்கள். அண்ணன் எதையும் தடுக்கவில்லை. லோஷன் பாட்டிலை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

பிறகு அவரே பஸ் ஏறி என் கடைக்கு வந்து ரீஃபில் பாக்கெட் வாங்கிப்போவார். "கழுவிட்டுத்தானண்ணே ஊத்துதிய?" என்று கேட்டால், "எல்லாம் தெரியும், போ" என்பார். குதிங்காலில் தானே தடவிக்கொள்கிறாரே என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

இந்த ஐப்பசியில் போன் செய்தார். குதிங்கால் வெடிப்பில் சீழ் வைத்து, கால் வீங்கிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டரம்மா, காலில் என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சர்க்கரை இருக்கிற காலில், வெடிப்புக்குள் கண்டதையும் தடவக் கூடாது, புண் உள்ளே இறங்கினால் காலையே எடுக்கும்படி ஆகலாம் என்று சொல்லி, அந்த லோஷனைத் தூரப் போடச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கே கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அண்ணன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? கெட்டுப்போன பாக்கெட்டை வித்துட்டு ஆறுதல் சொல்ல வேற வந்திருக்க."

நான் பாட்டிலைத் தேடினேன். குளியலறையில் வாளி பக்கத்தில் இருந்தது. பம்பின் வாயில் மஞ்சளாக ஏடு கட்டியிருந்தது. திறந்து முகர்ந்தேன். பாதாம் வாசனையே இல்லை. புளித்த மாவு போல அடித்தது. லோஷன், தண்ணீர் தனியாக, கட்டி தனியாகப் பிரிந்து கிடந்தது.

"இதைக் கழுவவே இல்லையா அண்ணே?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"தீரப்போகுதுன்னா கொஞ்சம் தண்ணி விட்டுக் குலுக்கிக்கிடுவேன். பொறவு பாக்கெட்டை வெட்டி அதும்மேலயே ஊத்திருவேன்."

"ஈரமே நிக்கக் கூடாதுன்னு மதினிக்குச் சொன்னது உங்களுக்கும் தெரியும்லா? தண்ணி விட்டா, கெடாம இருக்கதுக்குப் போட்டிருக்க மருந்தும் நீர்த்துப்போகும்."

அலமாரியில் வெட்டாத பாக்கெட் ஒன்று இருந்தது. தேதி பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அதை வெட்டி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினேன். இன்னொரு கிண்ணத்தில் பாட்டிலில் இருந்ததை ஊற்றினேன். இரண்டையும் அண்ணன் முன்னால் வைத்தேன். ஒன்று வெள்ளையாகக் கெட்டியாக இருந்தது. வீடெல்லாம் மதினி கம்பெனி விட்டு வந்த சாயங்காலம் போல மணத்தது. மற்றதை அவர் முகரவில்லை. பார்த்ததே போதுமாக இருந்தது.

மெதுவாகச் சொன்னார்: "பம்புக் குழாய் அடிவரைக்கும் எட்டாது. அடியில கொஞ்சம் எப்பவும் கெடக்கும். அது அவ விட்டது. நான் அதைக் கொட்டல. மேல மேலதான் ஊத்துனேன்."

அவர் ஏன் பாட்டிலைக் கழுவவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்போ பாக்கெட் நல்லதுதான். அவ விட்டுட்டுப் போனதுதான் கெட்டுப்போச்சு, அப்படித்தானே?" என்றார்.

கடையில் ஆயிரம் பேருக்கு விளக்கியிருக்கிறேன். இதை எந்தக் கம்பெனிக்காரரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"மதினியோடது கெடலண்ணே. ஈரம் போயிருக்கு. கைபட்டு, தண்ணி தெறிச்சு, புதுசும் பழசுமா எல்லாம் கலந்துருச்சு. அவிய இருந்தா ஒவ்வொரு தடவையும் சுத்தமாக் கழுவித்தான் ஊத்தியிருப்பாவ. அடியில ஒரு சொட்டு விட்டிருக்க மாட்டாவ."

"எங்கிட்டக் கொடு" என்று அவர் பாட்டிலை வாங்கினார். பழைய செய்தித்தாளை விரித்து, அவரே கவிழ்த்தார். லோஷன் சீக்கிரம் வந்துவிட்டது. அடியில் இருந்ததுதான் இறங்கவில்லை. பாட்டிலைப் பிடித்தபடி காத்திருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். கடைசியில் அதுவும் இறங்கியது. தாளை மடித்துக் குப்பை வாளியில் போட்டேன்.

பாட்டிலை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினேன். பம்புக்குள் இருந்த ஸ்பிரிங்கில் ஏறிய அழுக்கு எத்தனை முறை அழுத்தியும் போகவில்லை. புதுப் பம்பு கொண்டுவருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கழுவிய பாட்டிலை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"சோப்பு வாசம்தான் வருது" என்றார். அவர் தோள் குலுங்கியது. அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. மதினியைத் தூக்கிப்போன அன்றும் அவர் அழவில்லை.

மறுநாள் காலையில் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் தெருவில் வந்தார். அண்ணன் பாட்டிலையும், பம்பையும், சேர்த்து வைத்திருந்த காலி பாக்கெட்டுகளையும் கொடுத்தார். வந்தவர் பாட்டிலை மட்டும் சாக்கில் போட்டுக்கொண்டார். பம்புக்குள் கம்பி இருக்கிறது, பாக்கெட்டில் இரண்டு மூன்று வகைத் தாள் பிரிக்க முடியாமல் ஒன்றாக ஒட்டியிருக்கிறது, இவற்றை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அண்ணனைக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு, மதிய பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பினேன்.