கடைசிக் கடையின் தேநீர்

விதி நான்கு: தேயிலைத்தூளை நிறுத்துத்தான் போட வேண்டும். கரண்டியால் அளக்கக் கூடாது.

இதை எழுதியவன் நான். எடையளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு ஏற்காட்டில் செய்வதற்கு அதிகம் இல்லை. காலையில் மூடுபனி, மாலையில் மூடுபனி, நடுவில் செய்தித்தாள். எஸ்டேட் குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு ஐந்து டீக்கடைகளைத் திறந்தபோது, எல்லாக் கடையிலும் ஒரே சுவை வர வேண்டும், அதற்கு எழுத்தில் ஒரு முறை வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதே எனக்குப் பெருமையாக இருந்தது. பதினோரு விதிகள் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு அறுபது கிராம் தூள். அடுப்பை அணைத்து, மூடி, நான்கு நிமிடம். துணி வடிகட்டியில் வடித்துவிட வேண்டும், பிழியக் கூடாது. கண்ணாடித் தம்ளரில் டிகாக்ஷன் நாற்பது மில்லி, தண்ணீர் கலக்காமல் காய்ச்சிய பால் எண்பது மில்லி. வடித்த டிகாக்ஷன் நாற்பது நிமிடத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். அது விதி ஏழு. மலையில் தண்ணீர் கொதிக்கும் சூடு சேலத்தைவிடக் குறைவு என்பதால் கீழே உள்ளவர்கள் சொன்ன நேரத்தை நான் ஏற்கவில்லை. ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் கடையில் நின்று, என் வயிறு தாங்கும் வரை குடித்துப் பார்த்துத்தான் நான்கு நிமிடம் என்று முடிவு செய்தேன்.

கூட்டமைப்பின் சேலத்து அலுவலகம் பதினோரு விதிகளையும் அப்படியே ஏற்று, அழகாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறையிட்டு ஐந்து கடைக்கும் அனுப்பியது. தராசு மட்டும் அனுப்பவில்லை. அதற்குப் பதில் ஒரு கரண்டி வந்தது. தலை தட்டினால் பத்து கிராம், ஆறு கரண்டி போடவும் என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு. விதி நான்கு சுவரில் தொங்க, அதன் ஆணியிலேயே கரண்டியும் தொங்கியது. அரசாங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முதல் நான்கு கடைகளிலும் தேநீர் ஒரே மாதிரி வந்தது. கொட்டச்சேடு கடையில் மட்டும் மூன்றாவது மாதத்திலிருந்து கறுத்தது, கசந்தது. அந்தக் கடையை நடத்தியவள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவள். சரிவில் விழுந்து இடுப்பு அடிபட்ட பிறகு கூடை சுமக்க முடியாமல் போனது. கடை கிடைத்ததால்தான் அவள் ஊட்டில் அடுப்பு எரிந்தது என்று அந்தப் பக்கத்துப் பஸ் டிரைவர்கூடச் சொல்வார்.

புகார் போனது. சேலத்திலிருந்து செயலாளரம்மா வந்தார். இளம் வயது, நல்ல படிப்பு, கையில் எப்போதும் போன். ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. விதி ஏழை மீறிப் பழைய டிகாக்ஷனை விற்றதால் கடை தற்காலிகமாக மூடப்படுகிறது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்கய்யா, இந்த ரூல்சு நீங்க எழுதுனதுதானுங்களே?"

"ஆமாம்மா."

"நான் பழசு விக்கலைங்க. நாப்பது நிமிசம் ஆனா கீழ ஊத்திருவனுங்க. வந்து பாருங்க, கடைக்குப் பின்னால மண்ணே கறுப்பாக் கெடக்குது. எங்கூட்டுக்காரரு, இந்த ஓடையில ரெண்டு சொட்டுப் பால உட்டாப் போதும், ஊரே டீ குடிக்கும்னு கேலி பண்றாருங்க."

"டீ கசக்குதுன்னு நீயே குடிச்சுப் பாக்கலியா?"

"குடிச்சனுங்க. நொம்பக் கசப்புத்தானுங்க."

"அப்ப ஒரு கரண்டி கொறச்சுப் போட்டிருக்கலாமே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் சற்றுக் கோபம் இருந்தது. "ஆறுன்னு எழுதி மாட்டிட்டு, அஞ்சு போட்டா அதுக்கும் ஒரு நோட்டீசு வராதுங்களா? நான் எழுதுனபடி போட்டனுங்க. அதுக்குத்தான் கடை போச்சு."

மறுநாள் காலை, வேலையில் இருந்த நாட்களில் வாங்கிய சிறு தராசையும் எடைக்கற்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஒண்டிக்கடையில் ஆறு கரண்டி தூளை நிறுத்தேன். அறுபது கிராம், ஒரு குண்டுமணி கூடக் குறையவில்லை. கொட்டச்சேட்டில் பூட்டிய கடையைத் திறக்கச் சொல்லி, அந்தக் கடைக் கரண்டியால் ஆறு தடவை எடுத்து, அதே மாதிரி தலை தட்டி நிறுத்தேன். எழுபத்திரண்டு. கரண்டி தவறா என்று, ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் தூளோடு வாங்கி வந்திருந்த கரண்டியையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கரண்டியில் தவறில்லை. தூளை வெள்ளைக் காகிதத்தில் பரப்பினேன். ஒண்டிக்கடைத் தூள் மணல் போலக் கரகரவென்று இருந்தது. கொட்டச்சேட்டுத் தூள் திருநீறு போல விரலில் ஒட்டியது.

"ஒரே மூட்டைங்கய்யா, ஒரே வேன்ல வர்றது" என்றாள் அவள்.

வேன் டிரைவரை ஒண்டிக்கடையில் பிடித்தேன். தொப்பை பெருத்த, பேச்சு நிற்காத மனிதர்.

"மூட்டைய எப்படிப் பிரிப்பீங்க?"

"அதுல என்னங்க சாரு இருக்குது? சேலத்துல ஒரு மூட்டைய ஏத்துவனுங்க. மேல வந்து வாயப் பிரிச்சு, பஸ் ஸ்டாண்டுக்கு அஞ்சு கிலோ, ஒண்டிக்கடைக்கு அஞ்சு, ஏரிக்கு அஞ்சு, கோயில் ரோட்டுக்கு அஞ்சு. மிச்சம் கொட்டச்சேடு. மூட்டையோட குடுத்துருவனுங்க. அந்தப் பொம்பளைக்குச் சாக்கு வேற இலவசம்!"

"மேலிருந்தே அள்ளுவீங்களா?"

"பின்ன, அடியில ஓட்டை போட்டா அள்ளுவாங்க?" என்று சிரித்தார். கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் வேனில் ஒரு மூட்டை எவ்வளவு குலுங்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. குலுங்கக் குலுங்க மாவுத்தூள் சந்துகளில் இறங்கி அடியில் தங்கும், கரகரப்பான தூள் மேலே நிற்கும். கடைசிக் கடைக்கு எப்போதும் அடி மூட்டை. மாவு நெருக்கமாக அடங்குவதால் அதே கரண்டியில் எடை கூடுகிறது. நுணுக்கமாக இருப்பதால் சாறும் சீக்கிரம் இறங்குகிறது. போதாக்குறைக்கு அது வடிதுணியின் கண்களை அடைத்துவிடும். நான்கு நிமிடத்தில் முடிய வேண்டியது, வடிந்து தீர்வதற்குள் ஏழு எட்டு நிமிடம் ஆகிவிடும். அவள் எந்த விதியையும் மீறவில்லை. மீறியிருந்தால் நல்ல டீ கிடைத்திருக்கும்.

முதல் இரண்டு மாதம் ஏன் கசக்கவில்லை என்றும் டிரைவரிடம் கேட்டேன். அப்போது சரக்கு கிலோ பொட்டலங்களாக வந்ததாம். மூட்டையாக வாங்கினால் மலிவு என்று அலுவலகம் மாற்றியிருக்கிறது.

இதைப் போனில் சொன்னபோது செயலாளரம்மா பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரியாத்தாங்க சார் படுது. ஆனா கமிட்டி போட்ட ஆர்டருங்க. நீங்க எழுத்துல குடுங்க, கமிட்டியில வெச்சு எழுத்துல பதில் அனுப்பறோம்." இதே வாக்கியத்தை நான் எத்தனை கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

எழுதினேன். விதி நான்கைக் குறிப்பிட்டு, நிறுத்த எடைகளைக் குறிப்பிட்டு, இரண்டு தூளையும் தனித்தனிப் பொட்டலமாக இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று கோரிக்கைகள். கடைக்கொரு தராசு. வேனில் ஏற்றும் முன்பே சேலத்தில் மூட்டையைக் கொட்டிக் கலந்து ஐந்து பைகளாகக் கட்டுதல். நோட்டீஸை ரத்து செய்தல். அனுப்பும் முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"கடை குடுக்கறாங்களோ இல்லியோங்க" என்றாள். "பழசு விக்கலைன்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கய்யா. சந்தைக்குப் போனா, எத்தன நாளுத் தண்ணிய எங்களுக்கு ஊத்துனேன்னு கேக்கறாளுங்க. எம்புள்ளைய கட்டிக் குடுத்த ஊட்டு வரைக்கும் போயிருச்சு."

கோரிக்கை நான்கு என்று அதையும் சேர்த்தேன்.

பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன், பிறகு இரண்டாம் நினைவூட்டல். கமிட்டி கூடவில்லை என்றார்கள். கூடியது, ஆனால் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இது வரவில்லை என்றார்கள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். அலுவலகங்கள் பொய் சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் ஏற்படுவதில்லை. இதற்கிடையில் அவள் மிளகுப் பறிப்புக்குப் போனாள். ஏணி ஏற முடியாததால் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கும் வேலை, பாதிக் கூலி. வழியில் பார்த்தால் நிற்பாள். பதில் வந்ததா என்று கேட்கமாட்டாள். என் கையைத்தான் பார்ப்பாள், காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று. கோடை பிறந்ததும் நான் அந்த வழியாக நடப்பதை நிறுத்திக்கொண்டேன்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. மலைக் கிராமங்கள் அத்தனையும் நடந்தும் ஜீப்பிலும் மேலே போகும் நாள் அது. ஒரு டீக்கடைக்கு வருடத்தில் கிடைக்கும் ஒரே பெரிய நாள். கொட்டச்சேட்டு ஜனம் அவள் கடையின் பூட்டைப் பார்த்துக்கொண்டே கடந்து போனது. அவளும் பூவோடு, சாமி இருக்கும் குகைக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

பிறகு பதில் வந்தது. ஒரே பக்கம். தராசுகள் வழங்கப்படும். தூள் இனி கலந்து பைகளாக அனுப்பப்படும். கொட்டச்சேடு கடையைத் திருவிழா நாளிலிருந்து திறந்துகொள்ளலாம். கடைசியில், பழைய டிகாக்ஷன் விற்கப்பட்டதாகக் கூறியது தவறு எனக் கமிட்டி கருதுகிறது.

நான் எடுத்துப் போனபோது அவள் முற்றத்தில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கடைசி வரியை மட்டும் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை, பக்கத்து ஊட்டுக்குக் கேட்கிற மாதிரி படிக்கச் சொன்னாள். அப்படியே படித்துவிட்டு, மேலே இருந்த வரிகளையும் படித்தேன்.

"திருவிழா நாள்ல இருந்துன்னா போட்டிருக்குதுங்க?"

"ஆமாம்மா. லெட்டர்ல போட்டிருக்கிற தேதி திருவிழாவுக்கு ஒரு வாரம் முந்தினது."

அவள் சாவியை எடுத்து வர உள்ளே போனாள். வரும் தபாலின் தலையில் பெறப்பட்ட நாளை எழுதும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்தக் கடிதத்தின் தலையிலும் எழுதியிருந்தேன். பெறப்பட்டது: திருவிழாவுக்கு மறுநாள், வியாழக்கிழமை.