கறுத்த புண்

மேலூர்ப் பக்கம் கண்மாய்க்குள் மேய்ந்த ஆடு, மூக்கில் ரத்தம் வழியச் செத்தது. ஆட்டுக்காரர் வழக்கம்போல் தோலை உரித்தார். கால்நடை மருத்துவரான எனக்குத் தகவல் வர நான்கு நாட்களாயின. அவர் கையில் வலிக்காத கறுத்த புண்.

"எனக்குப் புண்ணோட நின்னுச்சு. ஈரலை வாட்டித் தின்ன வீட்டுக்காரிக்கு ஏன் டாக்டர் ரத்தமாப் போகுது?"

"ரெண்டும் அடைப்பான் நோய்தாண்ணே, ஆந்த்ராக்ஸ்னு சொல்வாங்க. அந்தக் கிருமியோட வித்து மண்ணுல வருசக்கணக்காக் கிடக்கும். மேயிறப்ப ஆட்டுக்குள்ள போயிருக்கு. தோல்ல கீறல் வழியாப் போனாப் புண்ணு, தின்னாக் குடலு, மூச்சுல போனா நெஞ்சு. வண்டி வருது, ரெண்டு பேரும் ஏறுங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மட்டும் திரும்பினார். ஆளுக்கு ஆள் பரவாது என்று சொல்லியும் ஊர் அவரிடமிருந்து விலகியது. ஆறிய கையைக் காட்ட இன்றும் வருகிறார். நான் தொட்டுப் பார்க்கிறேன்.