சயான் இல்லை, தாராவி

ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரத்தில் இருந்தபோது எச்.ஆரிலிருந்து ஒரு மெயில் வந்தது. இங்கே வேலை பார்த்த அனுபவத்தை மனம் திறந்து எழுதி அனுப்பச் சொன்னார்கள். மும்பை விக்ரோலியில் இருந்த அந்த ஆபீஸில் யாரும் மனம் திறந்து எழுதியதில்லை. முன்பு போனவர்கள் அனுப்பிய நாலு வரி வாட்ஸ்அப்பில் கைமாறிக்கொண்டே இருந்தது. நிறையக் கற்றுக்கொண்டேன், அனைவருக்கும் நன்றி, அவ்வளவுதான். எனக்கும் அது வந்தது. பார்த்ததும் எரிச்சல் வந்து அழித்துவிட்டேன்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. மாலை ஷிஃப்ட் முடித்த பெண்களை வண்டியில் வீட்டு வாசல்வரை கொண்டுவிட வேண்டும் என்பது கம்பெனியே எழுதிவைத்த விதி. செம்பூர்ப் பெண்கள் வாசலில் இறங்கினார்கள். தாராவிக்காரிகள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தாராவிக்கு வெளியே, பக்கத்து சயான் ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கே வாப்பா ஸ்கூட்டரோடு நிற்பார். என்னைவிடச் சின்னவளான மற்றவளையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேராகப் போவோம். நான் வேலையை விட்ட பிறகு அவள் தனியாக நடக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கவலை.

முதலில் எழுதியது முழுக்க வசவு. டிரைவர் சோம்பேறி, வண்டி அனுப்புகிறவருக்கு எங்கள் ஏரியா என்றாலே இளக்காரம் என்று வரிக்கு வரி காய்ச்சியிருந்தேன். சின்னவளிடம் படித்துக் காட்டினேன்.

"யக்கா, டிரைவர் அண்ணன் பேரு போடாதிய. அவருக்கு நௌக்ரி போயிரும்," என்றாள்.

சரி, விஷயத்தை உறுதி செய்துகொள்வோம் என்று சின்னவளையும் கூட்டிக்கொண்டு வண்டி அனுப்புகிறவரின் மேஜைக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் இருவர் பெயருக்கும் எதிரே இறக்கும் இடம் சயான் என்றே இருந்தது. திரையில் உள்ளபடிதான் டிரைவர் ஓட்டியிருக்கிறார். நான் படிவத்தில் தாராவி என்றுதானே எழுதினேன் என்று குழம்பி நின்றேன். சின்னவள் தலை குனிந்தாள்.

"நானே சயான்னுதாங்க்கா எழுதிக் குடுத்தேன். டீசென்ட்டா இருக்கும்லா?"

அவளைச் சொல்லி என்ன பயன்? பேங்கில், கல்யாணப் பேச்சில், எங்கள் தெருவில் பாதிப் பேர் சயான்காரர்கள்தான். என் படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவரும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் மாற்றியிருப்பார். கோபப்பட ஆள் இல்லாமல் போனது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. வசவை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

வேலை கற்றுக்கொடுத்த விதம், கேட்டபோது விடுப்புக் கிடைத்தது இரண்டும் நன்றாக இருந்தன என்று தொடங்கினேன். பிறகு நடந்ததை மட்டும் சொன்னேன். தாராவியில் வசிப்பவர்களின் முகவரி சயான் என்று பதிவாகியிருக்கிறது, அதனால் வாசல்வரை வண்டி என்ற விதி அவர்களுக்கு நடக்கவில்லை. சேரும்போது இறக்கும் இடத்தை ஊழியரே பார்த்து உறுதி செய்யட்டும், இப்போது இருப்பவர்களிடமும் ஒருமுறை கேளுங்கள் என்று முடித்தேன். யார் பெயரும் அதில் இல்லை.

எச்.ஆர். மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ் அம்மா. மறுநாளே போனில் அழைத்தார்.

"அழகா எழுதியிருக்கேம்மா. ஆனா தாராவின்னு போட்டா பாரபட்சம்னு புகார் சொல்ற மாதிரி ஆயிடும். சில பகுதிகள்னு மாத்திடேன்."

"எழுதினதுல ஏதாவது பொய் இருக்கா மேடம்?"

"பொய்னு யார் சொன்னா?"

"அப்ப அது அப்படியே இருக்கட்டும் மேடம். சில பகுதிகள்னு போட்டா டிரைவர் எங்க போவாரு?"

அவர் சிரிக்கவில்லை. சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். புது இடத்தில் சேர ரிலீவிங் லெட்டர் வேண்டும்; அதைத் தர வேண்டியவரும் அவரே.

லெட்டர் தாமதமில்லாமல் வந்தது. என் பெயருக்குக் கீழே முகவரி: சயான், மும்பை. நான் உட்கார்ந்து பதில் எழுதுவதைத் தோல் பை பட்டறையிலிருந்து சாப்பிட வந்த வாப்பா பார்த்துவிட்டார்.

"லெட்டர் வந்துட்டுல்லா? பொறவு என்னத்துக்கும்மா இந்த லஃப்டா?"

"நம்ம பட்டறை போர்டுல என்ன ஊரு போட்டிருக்கிய வாப்பா?"

"தாராவிதான். அதப் பாத்துத்தான பை வாங்க வாரான்?" என்றவர், தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

என் முகவரி தாராவி, திருத்தித் தாருங்கள் என்று அனுப்பினேன். புது வேலையில் சேர்வதற்கு முந்தைய நாள், திருத்திய லெட்டர் வந்தது. கூடவே, எல்லாருடைய முகவரியையும் சரிபார்க்கிறோம் என்று மேடம் ஒரு வரி எழுதியிருந்தார்.

அடுத்த வாரம் சின்னவள் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு மிடுக்கு.

"யக்கா, வண்டி நம்ம தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்கே வந்துட்டு. டிரைவர் அண்ணன் மசூதி முக்குல நிறுத்தி, போதுமா, இங்கயே எறங்கிக்கிறியான்னு கேட்டாரு. நான் எறங்கவே இல்லியே. இன்னும் உள்ள போங்கன்னுட்டேன்."